கணக்குப் பார்க்க வரும் தம்பிக்கு

சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். பகல் வேலை முடிந்து இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எங்கள் மளிகைக் கடையின் கணக்கைப் பார்த்துத் தர நீங்கள் ஒப்புக்கொண்டதில் எனக்கும் மாமாவுக்கும் பெரிய நிம்மதி. புத்தகங்கள் கடையை விட்டு வெளியே போவதை மாமா விரும்பமாட்டார் என்பதால், வழக்கம்போல் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துத்தான் உங்களுக்கு அனுப்பப் போகிறேன். படங்களைத் திறக்கும் முன் இந்தக் கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். 2024 மார்ச் மாதக் கணக்கில் நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் இந்த ஒழுங்கு வந்தது. அதைச் சொல்லாமல் ஒழுங்கை மட்டும் சொன்னால் அது வீண் கெடுபிடியாகத் தோன்றும்.

முதலில் புத்தகங்களைப் பற்றிச் சொல்கிறேன். கடையில் இரண்டு வகைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று நாள் குறிப்பேடு. யார் என்ன கடன் வாங்கினார், யார் எவ்வளவு கட்டினார் என்பது நேர வரிசையில் அதில் வரி வரியாக ஏறும். ரொக்க விற்பனையைத் தனித்தனியாக எழுதுவதில்லை; கடை மூடும்போது அந்த நாளின் மொத்தம் ஒரே வரியாக எழுதப்படும். கியூஆர் மூலம் வந்த பணம் அதற்கு அடுத்த வரியில் இருக்கும். மற்றொன்று பேரேடு; அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பக்கம் உண்டு. நாள் குறிப்பேட்டிலிருந்து வாரம் ஒருமுறை நான் பேரேட்டில் பதிவேன். இவை தவிர, ஒவ்வொரு வாடிக்கையாளர் கையிலும் அவர் கடனை எழுதிவரும் 555 புத்தகம் என்ற சிறு குறிப்பேடு இருக்கிறது. அது எங்களுடையது அன்று, அதன் படம் உங்களுக்கு வராது. ஆனால் சண்டை என்று வந்தால் அதுதான் சாட்சி.

இப்போது 2024 மார்ச்சுக்கு வருகிறேன். அப்போது பக்கங்களுக்கு எண் கிடையாது. ஏப்ரல் 9 ஆம் தேதி, மறுநாள் நோன்புப் பெருநாள் என்பதால் கடையில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த வேளையில், நான் மார்ச் மாதப் பக்கங்களை அவசரமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அப்போதைய கணக்காளருக்கு அனுப்பினேன். அவருக்கு அவை `IMG-20240409-WA0031.jpg` என்பது போன்ற பெயர்களில் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெயரில் உள்ள தேதி, படம் அவருடைய கைப்பேசிக்கு வந்து சேர்ந்த தேதி. கடைசி எண் வந்த வரிசை. பக்கம் எழுதப்பட்ட நாளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. படமெடுத்த நேரம் படத்துக்குள் பதிந்திருக்குமே என்று நினைப்போம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பு நீங்கிவிடுகிறது, படமும் சுருங்கிவிடுகிறது. அவர் பெயர் வரிசையிலேயே படங்களை அடுக்கிப் பதிந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு வரிசை எதையும் நான் தரவில்லை.

பின்னால் எண்ணிட்டுப் பார்த்தபோது தெரிந்தது, 62 ஆம் பக்கத்தை நான் படமே எடுக்கவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஒரு பக்கம் விட்டுப்போனால் அந்தப் பக்கத்தின் தொகை மட்டும் விட்டுப்போகும், அவ்வளவுதானே என்று நீங்கள் எண்ணலாம். எங்கள் புத்தகத்தில் அப்படி முடிவதில்லை. அதற்குக் காரணம் மாமாவின் எழுத்து.

மாமா பழைய முறையில் கணக்கு எழுதிப் பழகியவர். பற்று என்பதற்கு ௶, வரவு என்பதற்கு ௷, மேற்படி என்பதற்கு ௸ என்று குறியிடுவார். சில இடங்களில் நாள் என்பதற்கு ௳ என்ற குறியும் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் படித்த எனக்கே இவை திருமணமாகி வந்த பிறகுதான் தெரியும். இவற்றில் நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது ௸. ஒருவர் நான்கு சாமான் வாங்கினால் முதல் வரியில் மட்டும் பெயர் இருக்கும். அடுத்த மூன்று வரிகளில் பெயருக்குப் பதில் ௸ இருக்கும். பக்கத்தின் அடியில் இடம் தீர்ந்துவிட்டால், அடுத்த பக்கம் பெயரே இல்லாமல் ௸ என்று தொடங்கும். அந்தக் குறி யாரைச் சுட்டுகிறது என்பது அந்தப் பக்கத்தில் இல்லை, முந்தைய பக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது. ஆகவே எங்கள் புத்தகத்தில் பக்க வரிசை மாறினால் கடன் ஆள் மாறும்.

அன்று நடந்தது அதுதான். 61 ஆம் பக்கம் பெருமாள் அண்ணன் பெயரோடு முடிந்திருந்தது. 63 ஆம் பக்கம் ௸ என்று தொடங்கி மூன்று வரிகள்: அரிசி 34.00, சீனி மூன்று கிலோ 8.55, சார்டின் டின் 12.50. இடையில் இருந்த 62 ஆம் பக்கம் முனியம்மா அக்கா பெயரோடு முடிந்ததைக் கணக்காளர் பார்க்கவே இல்லை. அந்த 55.05 வெள்ளியும் பெருமாள் அண்ணன் பெயரில் ஏறியது. கணக்காளர் தட்டச்சு செய்து தந்த பாக்கிப் பட்டியலை நம்பி, மே மாதச் சம்பளம் போட்ட மறுநாள் நான் அண்ணனிடம் கேட்டேன். அவர் பேசாமல் 555 புத்தகத்தை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். அதில் அந்த மூன்று வரிகளும் இல்லை. செம்பனைத் தோட்டத்தில் இருபது ஆண்டு குலை வெட்டி, ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்காதவர் அவர். கடையில் நாலு பேர் நின்ற நேரத்தில் நான் கேட்டுவிட்டேன். அதன் பிறகு மூன்று மாதம் அவர் மனைவி மட்டும்தான் கடைக்கு வந்தார்.

அன்றிரவு புத்தகத்தையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், பிழையைக் காட்டிக்கொடுக்கும் சான்று படங்களிலேயே இருந்தது தெரிந்தது. நாள் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்த மாதம் அதுவரை கொடுத்த கடனின் மொத்தத்தை மாமா எழுதுவார். அதையே அடுத்த பக்கத்தின் தலையில் மீண்டும் எழுதித் தொடங்குவார். 61 ஆம் பக்கத்தின் அடியில் 4,318.60 இருந்தது. 63 ஆம் பக்கத்தின் தலையில் 4,606.05 இருந்தது. இரண்டுக்கும் இடையில் 287.45 வெள்ளி காணாமல் போயிருக்கிறது. அது 62 ஆம் பக்கத்தின் கூட்டுத் தொகை, காசு பிசகாமல். இரண்டு எண்களை ஒப்பிட்டிருந்தால் போதும், எதையும் பதிவதற்கு முன்பே நின்றிருக்கலாம்.

ஆகவே உங்களிடம் என் முதல் வேண்டுகோள் இது. மாதப் படங்கள் வந்தவுடன் எதையும் பதியாதீர்கள். முதலில் அடி எண்ணையும் தலை எண்ணையும் மட்டும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். இருபது, இருபத்தைந்து பக்கங்களுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. எங்காவது அறுந்தால் அந்த இடத்தில் நிறுத்தி எனக்கு எழுதுங்கள். பக்கம் விடுபட்டதா, மாமா கூட்டலில் தவறினாரா என்பதை நான் புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன். அவரும் தவறுவார், அப்படித் தவறிய இடத்தில் அடி எண்ணை மாற்றாமல், அடுத்த பக்கத் தலையில் திருத்தத்தைத் தனி வரியாக எழுதிக் கையெழுத்திடுவேன்.

படங்களின் பெயர் இப்போது `N14-062-1.jpg` என்ற வடிவில் இருக்கும். N என்பது நாள் குறிப்பேடு, பேரேட்டுக்கு P. 14 என்பது புத்தக எண். 062 பக்க எண். கடைசியில் உள்ள 1, அந்தப் பக்கத்தை எத்தனையாவது முறை எடுத்த படம் என்பதைக் காட்டும். 62 என்று எழுதாமல் 062 என்று எழுதுவதற்குக் காரணம், சில கைப்பேசிகளும் செயலிகளும் 100 ஐ 62 க்கு முன்னால் அடுக்கிவிடுகின்றன. முதலில் நான் தேதியை வைத்துப் பெயரிட்டுப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் இரண்டு நாள் கணக்கு இருக்கிறது, ஒரே நாள் மூன்று பக்கத்துக்கு நீள்கிறது. இரண்டே வாரத்தில் குழம்பிப்போய் விட்டுவிட்டேன். பக்க எண் மட்டும்தான் மாறாதது. அது நீல மையில் மேல் வெளி மூலையில் வட்டமிட்டு எழுதியிருக்கும். பெயரில் உள்ள எண்ணும் படத்தில் உள்ள வட்ட எண்ணும் வேறுபட்டால், வட்ட எண்ணை நம்புங்கள். பெயரைத் தட்டச்சு செய்தது நான், அதுவும் தூக்கக் கலக்கத்தில். படங்கள் எல்லாம் கூகுள் டிரைவில் மாதத்துக்கு ஒரு கோப்புறையாக ஏறும். வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் ஆவணமாக மட்டுமே அனுப்புவேன். அப்போது பெயரும் தெளிவும் அப்படியே இருக்கும்.

பெயரின் கடைசி எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் அதே மார்ச் மாதம் கற்றுத் தந்தது. மார்ச் 31 மாலை, வெளிச்சம் இருக்கும்போதே 71 ஆம் பக்கத்தை எடுத்துவிட்டேன். அப்போது அடியில் பென்சிலில் 5,902.10 என்று இருந்தது. அதன் பிறகு கடை மூடுவதற்குள் மூன்று பேர் கடன் வாங்கினார்கள். அந்த மூன்று வரியும் சேர்ந்து 46.80. மாமா பேனாவில் 5,948.90 என்று முடித்தார். நான் விளக்கொளியில் மீண்டும் படமெடுத்தேன். கணக்காளருக்கு ஒரே பக்கத்தின் இரண்டு படங்கள் போயின. அவர் இரண்டையும் ஒரே படம் என்று நினைத்து, தெளிவாக இருந்ததை வைத்துக்கொண்டு மங்கலானதை அழித்துவிட்டார். தெளிவாக இருந்தது மாலை எடுத்தது. அதில் அந்த மூன்று வரி இல்லை.

ஆகவே ஒரே பக்கத்துக்கு `-1`, `-2` என்று இரண்டு படம் இருந்தால், அவை ஒரே படத்தின் நகல்கள் அல்ல, ஒரே பக்கத்தின் இரண்டு நிலைகள். பெரிய எண்ணைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய எண்ணை அழிக்காதீர்கள். எந்த வரி பின்னால் ஏறியது என்று கேள்வி வந்தால் அதுதான் பதில் சொல்லும். பக்கத்தில் சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால், சீட்டோடு ஒரு படமும் சீட்டைத் தூக்கிப் பிடித்து ஒரு படமும் எடுப்பேன். அவற்றுக்கு `-1a`, `-1b` என்று பெயர் இருக்கும். அவை இரண்டும் வேண்டும்.

இந்த 46.80 ஐ அடி எண், தலை எண் ஒப்பீடு ஏன் பிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மாதம் மாறும்போது மாமா சுழியத்திலிருந்து தொடங்குவார். ஏப்ரல் முதல் பக்கத்தின் தலை வெறுமையாக இருந்தது. மார்ச்சின் கடைசிப் பக்கத்தை ஒப்பிட எதுவுமே இல்லை. சங்கிலியின் கடைசி வளையத்துக்கு மட்டும் பூட்டு இல்லை. இப்போது ஒவ்வொரு மாதத்தின் முதல் பக்கத் தலையிலும், கட்டம் போட்டு, சென்ற மாத இறுதி மொத்தத்தை எழுதி வைக்கிறோம். அது ஒப்பிடுவதற்கு மட்டுமே; புதிய மாதத்தோடு கூட்டிவிடாதீர்கள். கட்டத்துக்குள் இருக்கும் எதுவும் கூட்டலில் சேராது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்து நிறம். ௶, ௷ இரண்டும் மாமாவின் கையில் வேகமாக வரும்போது ஏறக்குறைய ஒரே சுழியாகத் தெரியும். அதனால்தான் வரவை அவர் சிவப்பு மையில் எழுதுகிறார். நான் சில மாதம் ஆவணம் எடுக்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்தினேன். அது பக்கத்தை வெள்ளை வெளேர் என்று ஆக்கி எழுத்தைக் கறுப்பாகக் காட்டியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்பும் நீலமும் ஒன்றாகிவிட்டன, சரிபார்த்ததற்கு நான் இட்ட பென்சில் குறிகள் மறைந்தே போயின. ஒரு மாதம் நாள் குறிப்பேட்டுக்கும் பேரேட்டுக்கும் சரியாக 120 வெள்ளி இடித்தது. வரவைப் பற்றாக மாற்றிப் பதிந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகும் என்பது உங்கள் படிப்பில் முதல் பாடமாக இருக்கும். எனக்கு அதைச் சொல்லித் தர ஆளில்லை. இரண்டு இரவு தேடிய பிறகுதான், ஒருவர் கட்டிய 60 வெள்ளி அவருடைய கடனாக ஏறியிருப்பதைக் கண்டேன். இப்போது எல்லாப் படங்களும் நிறத்தோடு, எந்த மெருகும் இல்லாமல் வரும். நீங்களும் அச்செடுத்தால் நிறத்தோடு எடுங்கள்.

மாமாவின் 1 க்கு மேலே ஒரு கொக்கி இருக்கும். அது 7 போலத் தெரியும். அவருடைய 7 க்கு இடுப்பில் கோடு இருக்கும். சந்தேகம் வந்தால் தொகையைப் பாருங்கள்: சீனி கிலோ 2.85 என்றால், 2.85 என்று இருக்கும் வரியில் ஏழு கிலோ இருக்க முடியாது. தொகை மட்டுமே இருந்து சாமான் இல்லாத வரியில் ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். காசுப் பத்தி நடு மடிப்பில் ஒளிந்திருக்கும் படம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். மீண்டும் எடுத்துத் தருகிறேன்.

பேரேட்டுப் படங்களில் காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தோட்டச் சம்பளம் அடுத்த மாதம் 7 ஆம் தேதிக்குள் வந்துவிடும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எங்கள் வசூல் அதை ஒட்டியே இருக்கும். நான் பேரேட்டை 10 ஆம் தேதிக்கு மேல்தான் படமெடுப்பேன் என்பதால், மார்ச் மாதத்துக்கு என்று வரும் படத்தில் ஏப்ரலில் கட்டிய பணமும் தெரியும். மாத முடிவில் இரட்டைக் கோடு போட்டிருப்பேன்; அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பது மட்டும் அந்த மாதம். இதைவிட முக்கியம், அந்த வசூல் விற்பனை ஆகாது. சாமான் போன அன்றே அது விற்பனையாக ஏறிவிட்டது. பணம் வந்த அன்று பாக்கி குறைகிறது, அவ்வளவுதான். முன்பிருந்தவர் ஓர் ஆண்டு கடன் விற்பனையையும் சேர்த்து, கல்லாவுக்கு வந்த வசூலையும் விற்பனையில் சேர்த்துவிட்டார். நாங்கள் விற்காததற்கு வரி கட்ட இருந்தோம்; வருமான வரிக்கான பி பாரம் அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்னால், கொள்முதலுக்கும் விற்பனைக்கும் பொருத்தமே இல்லையே என்று மாமாதான் முகம் சுளித்தார். ஜனவரி முதல் வார வசூலில் மட்டும் கூடுதல் கவனம் வையுங்கள். அது பெரும்பாலும் முந்தைய ஆண்டின் விற்பனைக்கு உரிய பணம்.

மாத முடிவில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு சரிபார்ப்பு. தொடக்கத்தில் எல்லாருடைய பாக்கியும், அதோடு நாள் குறிப்பேட்டின்படி அந்த மாதம் கொடுத்த கடன், அதிலிருந்து அந்த மாத வசூல் கழித்தது. இது பேரேட்டில் இரட்டைக் கோட்டுக்கு மேலுள்ள பாக்கிகளின் கூட்டுத் தொகையோடு பொருந்த வேண்டும். பொருந்தாமல் எனக்குப் பட்டியல் அனுப்பாதீர்கள். தாமதமானால் பரவாயில்லை. இன்னொருவரிடம் போய் அவர் வாங்காத அரிசிக்குப் பணம் கேட்க என்னால் முடியாது.

பெயர்களில் குழப்பம் வரும். எங்களிடம் மூன்று லெட்சுமிகள் இருக்கிறார்கள். லயம் 4, லயம் 9, ரோட்டு வீடு என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருப்பேன். அந்தக் குறிப்பைப் பெயரின் பகுதியாகவே தட்டச்சு செய்யுங்கள். யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது இந்தப் படங்களில் அப்பட்டமாக இருக்கிறது. சிறிய ஊர், எல்லாரும் எல்லாருக்கும் உறவு. படங்களை வீட்டில் மற்றவர்கள் எடுத்துப் பார்க்கும் கணினியில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படங்கள் இருக்கின்றனவே என்று புத்தகங்களை நாங்கள் கழித்துவிடப் போவதில்லை. வருமான வரிக்காக 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கையால் எழுதிய மூலம் மூலமாகவே இருக்க வேண்டும். 62 ஆம் பக்கம் போல எதுவும் நேர்ந்தால், நேரில் வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. மாமா கூடவே உட்கார்ந்திருப்பார், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்விகளைப் பக்க எண்ணும் வரி எண்ணும் போட்டு எழுதி அனுப்பினால் அன்றிரவே பதில் தருவேன். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். அது தோட்டத்து ஆட்கள் வரும் நேரம், அப்போது நான் சொல்லும் எந்த எண்ணையும் நானே நம்பமாட்டேன்.

முதல் மாதப் படங்களை நாளை இரவு ஏற்றிவிடுகிறேன். `N16-004-1.jpg` இல் நடுவில் எண்ணெய்க் கறை இருக்கும். அதற்கு அடியில் உள்ள தொகை 18.30. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அந்த அக்காவின் 555 புத்தகத்தோடும் ஒப்பிட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கடைக்கார அக்கா